ஒரே மின்னலில் நான்கு பேர்: வயலில் இடி தரைவழியாக வரும்

கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே உள்ள கழுதூரில், 2025 அக்டோபர் 16 அன்று மக்காச்சோள வயலில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரம் அது. அரசு நிவாரணம் அறிவித்தது, தலைவர்கள் இரங்கல் தெரிவித்தார்கள், இரண்டு நாளில் செய்தி மறைந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்தியில் விவசாயிகள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. வானத்திலிருந்து விழும் மின்னல் ஒரு புள்ளியில்தானே இறங்கும்? வயலில் தள்ளித் தள்ளி நின்று வேலை பார்ப்பவர்களில் நான்கு பேர் எப்படி ஒரே நேரத்தில் சாகிறார்கள்?

காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துறை பக்கத்து விவசாயிகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இங்கே கிழக்கே சிறுமலை, மேற்கே தள்ளிக் கொடைக்கானல் மலைத்தொடர். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் புரட்டாசி, ஐப்பசி மழையும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடுதான் வருகின்றன. வெயிலில் காய்ந்த நிலம் சூடாகி, ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் கருமேகமாகத் திரண்டுவிடும். களையெடுப்பும் கதிரறுப்பும் நடக்கும் நேரமும் அதுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். வெள்ளம், புயல், வெப்ப அலை என்று இயற்கைச் சீற்றங்களால் அந்த ஆண்டில் இறந்த அனைவரையும் சேர்த்தால், மூன்றில் ஒருவருக்கு மேல் மின்னலால் இறந்தவர். வெள்ளத்தில் ஒரே ஊரில் நூறு பேர் இறந்தால் நாடே பேசும். மின்னல் இன்று ஓர் ஊரில் ஒருவர், நாளை வேறோர் ஊரில் இருவர் என்று எடுத்துக்கொண்டு போவதால் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இப்போது அந்த நான்கு பேர் கேள்விக்கு வருவோம். மின்னல் ஆளின் தலையில் நேராக இறங்கிக் கொல்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அப்படி இறப்பவர்கள் மிகக் குறைவு. வெளிநாடுகளில் மின்னல் காயங்களை ஆராய்ந்த மருத்துவர்களின் மதிப்பீட்டின்படி, நேரடியாகத் தாக்கப்படுபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். ஏறக்குறையப் பாதிப்பேரை மின்னல் தரைவழியாக வந்து தாக்குகிறது. இன்னொரு பெரும் பங்கினரைப் பக்கத்தில் உள்ள மரம், கம்பம் போன்றவற்றில் இறங்கி அங்கிருந்து தாவித் தாக்குகிறது. எனவே 'நம் தலையில் விழாது' என்ற தைரியம் வயலில் எந்தப் பயனும் தராது. அது முப்பது அடி தள்ளி விழுந்தாலே போதும்.

தரைவழி என்றால் என்ன என்பதைத் தென்னை வைத்திருப்பவர்கள் தெரியாமலேயே பார்த்திருப்பார்கள். தோப்பில் ஒரு மரத்தில் இடி விழுகிறது. அந்த மரத்தின் குருத்து கருகி, மட்டைகள் தொங்கி, சில நாளில் அது பட்டுப்போகும். ஆனால் அதோடு முடிவதில்லை. அடுத்த சில வாரங்களில் அதைச் சுற்றியுள்ள நாலைந்து மரங்களும் ஒவ்வொன்றாக வாடத் தொடங்கும். ஏதோ நோய் என்று மருந்து ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. தக்காளி, பருத்தி, உருளைக்கிழங்கு வயல்களிலும் இதேபோல, நோயோ பூச்சியோ தென்படாமல், பத்து இருபது அடி அகலத்துக்கு வட்டமாகச் செடிகள் திடீரென்று வாடிக் கிடப்பதைப் பயிர் நோயியல் அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வட்டத்தின் நடுவே பாதிப்பு அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு. இடி விழுந்த புள்ளியிலிருந்து மின்சாரம் எல்லாப் பக்கமும் மண்ணுக்குள் பரவிய தடம் அது. அந்த வட்டத்துக்குள் அந்த நேரத்தில் நான்கு பேர் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தால் நான்கு பேரின் உடலிலும் அது பாயும்.

எப்படிப் பாய்கிறது என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் வரை மின்சாரம் இறங்கும். ஓரளவு ஈரமுள்ள மண்ணில் அது விழுந்தால், விழுந்த இடத்திலிருந்து பத்து மீட்டர், அதாவது சுமார் முப்பது அடி தள்ளி, தரையில் மீட்டருக்கு ஏறக்குறைய 5,000 வோல்ட் வேறுபாடு இருக்கும். அங்கே ஒருவர் அரை மீட்டர் இடைவெளியில் கால்களை அகட்டி வைத்து நின்றால், ஒரு பாதத்துக்கும் மறு பாதத்துக்கும் இடையே 2,500 வோல்ட். மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி, இடுப்பைச் சுற்றி, மறு கால் வழியாக இறங்கும். அதே ஆள் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நின்றால் வேறுபாடு சில நூறு வோல்ட்டாகக் குறைந்துவிடும். கையைத் தரையில் ஊன்றிக் களையெடுப்பவருக்கு இது இன்னும் மோசம். கைக்கும் காலுக்கும் நடுவில்தான் நெஞ்சு இருக்கிறது.

நம் பகுதி நிலத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. செம்மண்ணும் சரளையும் மின்சாரத்தை எளிதில் உள்ளே இறங்க விடாதவை. அடியில் சீக்கிரம் பாறை வந்துவிடும் நிலம் வேறு. இப்படிப்பட்ட மண்ணில் தரைமேல் வோல்ட் வேறுபாடு கூடுதலாக இருக்கும், அது அதிகத் தூரம் எட்டவும் செய்யும். முதல் மழையில் மேல்மண் மட்டும் நனைந்து கீழே காய்ந்து கிடக்கும்போது, மின்சாரம் அந்த ஈர மேல்பரப்பிலேயே ஓடும். கரிசல் காட்டில் முப்பது அடியில் தப்பியவர் செம்மண் காட்டில் தப்பாமல் போகலாம்.

ஆடு மாடுகள் ஏன் கூட்டமாகச் சாகின்றன என்பதற்கும் இதுவே விடை. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஐந்தடி இருக்கும். மேலே சொன்ன அதே இடத்தில் அதன் உடலுக்குக் கிடைப்பது 7,000 வோல்ட்டுக்கு மேல். அந்தப் பாதையில் இதயமும் இருக்கிறது. நார்வே நாட்டின் ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் 2016 ஆகஸ்டு மாதம் ஒரே இடியில் 323 கலைமான்கள் செத்துக் கிடந்தன. மழைக்கு அவை ஒன்றையொன்று ஒட்டி நின்றிருந்தன. கிடை போடும் கீதாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். இடி வரும்போது ஆடுகள் தாமாகவே நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆட்டுக்காரரும் அவற்றின் நடுவே போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பது வழக்கம். மந்தையிலிருந்து அவர் விலகி நிற்பதே நல்லது. மாட்டை ஒற்றை மரத்தில் இரும்புச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தால், மேகம் கூடும்போதே அவிழ்த்துக் கொட்டத்துக்கு ஓட்டிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்தபின் மாட்டை அவிழ்க்க மரத்தடிக்கு ஓடுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அப்படி ஓடி இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் செய்தி வருகிறது.

மரத்தடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மழை வந்தால் மரத்தடிக்கு ஓடுவது நமக்குக் குழந்தையிலிருந்து வந்த பழக்கம். நம் நாட்டு மின்னல் இறப்புகளைத் தொகுத்த ஆண்டறிக்கை ஒன்று, இறந்தவர்களில் 100க்கு 71 பேர் மரத்தடியில் நின்றவர்கள் என்றது. வயலின் நடுவே ஒரு வேம்போ புளியோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேகத்திலிருந்து மின்னல் படிப்படியாக இறங்கி வரும்போது, எந்த இடத்தில் விழுவது என்பது தரைக்கு மேல் சுமார் ஐம்பது முதல் நூறு மீட்டர் உயரத்தில்தான் முடிவாகிறது. அந்தச் சுற்றளவுக்குள் எது உயர்ந்து நிற்கிறதோ அதிலிருந்து மேல்நோக்கி ஒரு மின்கீற்று எழுந்து அதைச் சந்திக்கும். வயலின் நடுவே நிற்கும் ஒற்றை மரம் இதற்கு வாகான இடம். மரமே இல்லாத வெட்டவெளியில் நிற்கும் மனிதர்தான் அந்த இடம். வெட்டவெளியும் ஒற்றை மரமும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை, இரண்டும் ஒரே ஆபத்தின் இரு முகம்.

மரத்தில் இறங்கிய மின்னல் பச்சை மரத்தின் ஈரத்தின் வழியாகத் தரைக்குப் போக முயலும். ஆனால் மரத்தைவிட மனித உடல் மின்சாரத்துக்கு வசதியான பாதை. உடல் என்பது உப்புத் தண்ணீர். அடிமரத்தில் சாய்ந்தோ இரண்டடி தள்ளியோ ஆள் நின்றால், மின்சாரம் தோள் உயரத்தில் மரத்தை விட்டு அவர்மேல் தாவிவிடும். தாவாமல் போனாலும், வேர்கள் வழியாக எல்லாப் பக்கமும் பரவும் மின்சாரம் காலடியில் வந்து பிடிக்கும். மரத்தடியில் நிற்பவருக்கு இரண்டு வழியிலும் ஆபத்து. எனவே ஒற்றை மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்று கேட்டால், குறைந்தது அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது அடித் தென்னை என்றால் நூறு அடி.

இங்கே பனையைப் பற்றிய பேச்சும் வரும். பனைமரம் இடியை வாங்கிக்கொள்ளும், வரப்பில் பனை இருந்தால் ஆளுக்கு ஆபத்தில்லை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. உயரமான பனை இடியை வாங்கத்தான் செய்கிறது. அதன் அடியில் நிற்பவரை அது காப்பாற்றுவதில்லை என்பது மீதிப் பாதி. வங்கதேசத்தில் 2016 மே மாதம் இரண்டு மூன்று நாளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மின்னலில் இறந்தபின், அந்நாட்டு அரசு வயல் ஓரங்களில் லட்சக்கணக்கில் பனை நடும் திட்டத்தைத் தொடங்கியது. பல கன்றுகள் பராமரிப்பில்லாமல் போயின. பனை உயரமாக வளர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். பிறகு திட்டமே கைவிடப்பட்டது. பனை நடுவதற்கு வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு, நட வேண்டியதுதான். இடிக்கு ஒதுங்குமிடமாக மட்டும் அதை நினைக்கக் கூடாது.

வெள்ளோடு, சின்னாளபட்டி பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மரத்தைவிடப் பெரிய கவலை பந்தல். கல்தூண் நட்டு, அதன்மேல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய பந்தல் ஏக்கர் கணக்கில் ஒரே வலையாக இருக்கிறது. ஒரு மூலையில் இடி விழுந்தால் மின்சாரம் கம்பி வழியாக மறு மூலை வரை ஓடும். வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டங்களிலும் மின்னல் விழுந்தபின் கொடிகள் வட்டமாக வாடுவதில்லை, கம்பி போன போக்கில் வரிசையாக வாடுகின்றன. பந்தலுக்கு அடியில் கையை மேலே தூக்கிக் கவாத்து செய்பவரும் குலை வெட்டுபவரும் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். தலைக்கு மேல் கம்பி வலை இருக்கிறதே, அது காரின் கூரையைப் போல நம்மைக் காக்காதா என்று சிலர் கேட்கலாம். காரில் உலோகம் எல்லாப் பக்கமும் நம்மைச் சுற்றி மூடியிருக்கிறது. பந்தலில் மேலே மட்டும்தான் கம்பி. அதிலிருந்து தரைக்கு இறங்கச் சரியான வழியில்லாமல் மின்சாரம் அடியில் நிற்பவர் உடலை வழியாக்கிக்கொள்ளும். திராட்சைத் தோட்டத்திலும், கம்பிப் பந்தலில் பாகல், புடல் போட்டிருக்கும் தோட்டத்திலும் மற்ற வயல்களைவிட முன்னதாகவே வேலையை நிறுத்த வேண்டும். கம்பி வேலிக்கும் இதே பேச்சுதான். அடுத்த ஊர் எல்லையில் விழுந்த இடி வேலியைத் தொட்டு நிற்பவரை எட்டக்கூடும்.

எப்போது நிறுத்துவது? மின்னல் வெட்டுவதைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று நொடிக் கணக்கு எண்ண வேண்டும். இடி கேட்கும்வரை எண்ணியதை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்று வரும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போது வெளியே யாரும் இருக்கக் கூடாது என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. ஆனால் இந்த எண்ணிக்கை சொல்வதைவிட நடைமுறை கடினம். டிராக்டரோ விசைத்தெளிப்பானோ ஓடினால் இடி காதில் விழாது. சிறுமலை அடிவாரத்தில் மலைக்குப் பின்னால் வெட்டும் மின்னல் கண்ணில் படாது, உறுமல் மட்டும் கேட்கும். பகல் வெளிச்சத்திலும் மின்னலைத் தவறவிடுவோம். அதனால் எண்ணிக்கொண்டு நிற்காமல், இடி காதில் கேட்டாலே கிளம்புவது என்று வைத்துக்கொள்வது மேல். இடிச் சத்தம் பொதுவாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை. கேட்கிறது என்றால் நாம் ஏற்கெனவே அதன் எல்லைக்குள் இருக்கிறோம். நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மழை ஒரு துளி விழாவிட்டாலும், மேகத்தின் ஓரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூட இடி விழுவதுண்டு.

ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கு ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அம்பாத்துறைப் பக்கம் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் இருக்கிறது, பத்துப் பெண்கள் களையெடுக்கிறார்கள் என்று வைப்போம். பக்கத்தில் உள்ள நல்ல கட்டடம் 750 மீட்டர் தள்ளி ஒரு காரைவீடு. வரப்பிலும் வண்டிப்பாதையிலும் வயதான பெண்களையும் சேர்த்துக்கொண்டு நடந்தால் நிமிடத்துக்கு ஐம்பது மீட்டர்தான் போக முடியும். பதினைந்து நிமிடம் ஆகும். மேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், பத்து கிலோமீட்டரைக் கடக்க அதற்கு இருபது நிமிடம். பத்து கிலோமீட்டரில் இருக்கும்போது கிளம்பினால் ஐந்து நிமிட இடைவெளியில் வீட்டுக்குள் போய்விடலாம். 'இந்த ஒரு நிறையை முடிச்சிட்டுப் போயிருவோம்' என்று பத்து நிமிடம் தாமதித்தால், மேகம் ஐந்து கிலோமீட்டரில் வந்து நிற்கும். அதற்கு இன்னும் பத்து நிமிடம்தான், பெண்களுக்குப் பதினைந்து நிமிட நடை. கடைசி ஐந்து நிமிடம் அவர்கள் வெட்டவெளியில் வரிசையாக நடந்துகொண்டிருப்பார்கள். மேகத்துக்கு முன்னாலேயே இடி விழும் என்பதையும் சேர்த்தால், முதலில் சொன்ன ஐந்து நிமிடமும் முழுதாக நம் கையில் இல்லை.

இந்தக் கணக்கில் முடிவெடுப்பவர் யார் என்பதுதான் உண்மையான சிக்கல். கூலிக்கு வந்த பெண் தானாகக் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்பேறுவது எளிதல்ல. பாதிநாள் கூலி போய்விடும், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் இருக்கும். தோட்டக்காரரோ, கூலி கொடுத்தாயிற்று, மழை வந்தால் வேலை கெடும், அதற்குள் முடிந்த மட்டும் முடிப்போம் என்று நினைப்பார். இடிக்காக வேலை நின்றால் அன்றைய கூலி குறையாது என்பதைக் காலையில் வேலை தொடங்கும்போதே தோட்டக்காரர் சொல்லிவிட்டால், பிற்பகலில் யாரும் தயங்க வேண்டியதில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போவது, யார் குரல் கொடுப்பது என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாயும் ஓடையும் வெட்டவெளிதான். அங்கே நிழலுக்குத் தார்ப்பாய் கட்டுவது உண்டு, இடிக்கு அது எந்த வகையிலும் உதவாது. நிவாரணத் தொகையை அறிவிக்கும் வேகத்தில், இடி கேட்டால் வேலையை நிறுத்த வேண்டும் என்ற உத்தரவும் பணித்தளத்துக்கு வந்து சேர வேண்டும்.

செல்போனில் Damini என்று ஒரு செயலி இருக்கிறது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, இலவசம். நாடெங்கும் நிறுவிய உணரிகள் மின்னல் விழுந்த இடத்தைக் கணித்துக் காட்டும், நமக்கு அருகில் விழுந்தால் எச்சரிக்கை தரும். தமிழ்நாடு அரசின் TN-Alert செயலியும் வானிலை எச்சரிக்கை தருகிறது. இவற்றை நம்பலாம், ஆனால் எல்லை தெரிந்து நம்ப வேண்டும். ஏற்கெனவே விழுந்த மின்னலைத்தான் உணரி காட்டும், நம் தலைக்கு மேல் புதிதாகத் திரளும் மேகத்தின் முதல் இடியை அது முன்கூட்டிச் சொல்லாது. சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில் எச்சரிக்கை வந்து சேராது. களையெடுப்பவரின் போன் சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் பைக்குள் கிடக்கும். காலையிலேயே தோட்டக்காரர் ஒருமுறை பார்ப்பதற்கும், மதியத்துக்கு மேல் அரைமணிக்கு ஒருமுறை பார்ப்பதற்கும் இது நன்றாகப் பயன்படும். போனை வைத்திருந்தால் இடி விழும் என்ற பயம் வேண்டாம், போன் மின்னலை இழுப்பதில்லை. செருப்போ ரப்பர் பூட்ஸோ காப்பாற்றாது. மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வந்த மின்னலுக்கு அரை அங்குல ரப்பர் ஒரு தடையா?

எங்கே போவது என்பதற்கு விடை சுருக்கமானது. மின் ஒயரிங்கும் தண்ணீர்க் குழாயும் உள்ள காரைவீடு, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் போன்றவை நல்லவை. மின்னல் விழுந்தாலும் ஒயரும் குழாயும் அதைத் தரைக்குக் கொண்டுபோய்விடும், அதனாலேயே உள்ளே இருப்பவர் அவற்றைத் தொடக் கூடாது. கண்ணாடி ஏற்றிய கார், பேருந்து, கூரை மூடிய வேன் ஆகியவையும் நல்லவை. ஆட்களை ஏற்றிவந்த குட்டியானை நின்றுகொண்டிருந்தால், அதன் முன்கேபின் பாதுகாப்பானது, திறந்த பின்பகுதி இல்லை. திறந்த டிராக்டரும் பைக்கும் உதவா. ஓலைக் கொட்டகை, நாலு கம்பத்தில் தகரம் போட்ட களம், பேருந்து நிழற்குடை ஆகியவை மழைக்கு மட்டும்தான் ஒதுங்குமிடம்.

மோட்டார் ரூமைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நான்கு பக்கமும் சுவரும் கான்கிரீட் கூரையும் இருந்தால் வெட்டவெளிக்கு அது மேல்தான். ஆனால் பெரும்பாலான மோட்டார் ரூம்கள் ஒருவர் திரும்ப முடியாத அளவு சிறியவை. ஒரு சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, மறுபக்கம் கிணற்றிலிருந்து வரும் இரும்புக் குழாய், கூரைக்கு மேல் மின்கம்பியின் இணைப்பு என்று எல்லாமே மின்னலின் வழிகள். வேறு வழியில்லாமல் உள்ளே நின்றால் நடுவில், எதையும் தொடாமல், சுவரில் சாயாமல், கால்களை ஒட்டி வைத்து நிற்க வேண்டும். மோட்டாரை நிறுத்துகிறேன் என்று அந்த நேரத்தில் ஸ்டார்ட்டரில் கை வைக்கக் கூடாது. மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் செய்துகொள்ளலாம்.

எந்தக் கட்டடத்துக்கும் போக முடியாமல் மாட்டிக்கொண்டால்? அப்போது பாதுகாப்பான இடம் என்று ஒன்று கிடையாது, ஆபத்தைக் குறைக்க மட்டும்தான் முடியும். மேட்டிலிருந்தும் ஒற்றை மரத்திலிருந்தும் கம்பி வேலியிலிருந்தும் கிணறு, பண்ணைக்குட்டை போன்ற தண்ணீரிலிருந்தும் விலகித் தாழ்வான இடத்துக்கு நடக்க வேண்டும். தோளில் மண்வெட்டியைத் தூக்கிப் போகக் கூடாது, அது நம் உயரத்தைக் கூட்டும். ஒரே உயரமுள்ள தாழ்ந்த மரங்கள் அடர்ந்த கொய்யா, எலுமிச்சைத் தோப்பின் நடுவே, எந்த அடிமரத்தையும் தொடாமல் நிற்பது, ஒற்றை மரத்தடியைவிடவும் வெட்டவெளியைவிடவும் பரவாயில்லை. மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்திருந்தாலும் அது நம்மை மறைக்காது. பத்துப் பேர் இருந்தால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்காமல், ஐம்பது அடி இடைவெளி விட்டுப் பிரிய வேண்டும். பயத்தில் கைகோத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் பிரிந்து நின்றால், ஒருவர் விழும்போது தூக்க இன்னொருவர் இருப்பார். முடி சிலிர்த்து எழுந்தாலோ, உடம்பில் எறும்பு ஊர்வது போலிருந்தாலோ, கம்பியோ கருவியோ ஙொய்யென்று ஒலித்தாலோ அடுத்த நொடியில் இடி விழப்போகிறது என்று பொருள். உடனே குதிகால்கள் ஒட்டும்படி பாதங்களைச் சேர்த்து, குந்தி, தலையைத் தாழ்த்திக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். தரையில் படுக்கக் கூடாது, கையை ஊன்றவும் கூடாது. படுத்தால் தலைக்கும் காலுக்கும் ஐந்தரை அடி, மாட்டின் நிலைதான். குந்துவதைப் பாதுகாப்பு என்று நினைத்து வேலையைத் தொடர்பவர்கள் உண்டு. அது கட்டடம் கிடைக்காதவரின் கடைசி வழி மட்டுமே.

மழை விட்டதும் வயலுக்குத் திரும்பும் அவசரத்திலும் பலர் இறக்கிறார்கள். மேகம் கடந்துபோகும்போது அதன் பின் ஓரத்திலிருந்தும் இடி விழும். கடைசியாக இடி கேட்டதிலிருந்து முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை உறுமினாலும் மறுபடி முதலிலிருந்து முப்பது நிமிடம்.

யாராவது விழுந்துவிட்டால், அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று எட்டி நிற்கிறார்கள். வீட்டு மின்கம்பியைப் பிடித்தவர் விஷயம் வேறு. மின்னல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்து போய்விட்டது, அவர் உடலில் எதுவும் மிச்சமில்லை, உடனே தொடலாம். மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இறப்பவர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இதயமும் மூச்சும் நின்று இறப்பவர். இதயம் பலருக்குத் தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சு திரும்பச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் மூச்சு கொடுக்க ஆளில்லாததால் இதயம் இரண்டாம் முறை நின்றுவிடுகிறது. எனவே பலர் விழுந்திருந்தால், முனகுபவரையும் அழுபவரையும் விட்டுவிட்டு, அசைவில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். மற்ற விபத்துகளில் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். முனகுபவர் மூச்சு விடுகிறார், அவர் காத்திருக்கலாம்.

மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடு எலும்பின்மேல் ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குல ஆழம் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது அழுத்தம் என்ற வேகத்தில் முப்பது முறை அழுத்தி, தாடையை உயர்த்தி மூக்கைப் பிடித்து வாய்வழியே இருமுறை மூச்சு ஊத வேண்டும். மறுபடி முப்பது, மறுபடி இரண்டு. 108 வண்டி வரும்வரை விடக் கூடாது, கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். இடி இன்னும் தொடர்ந்தால், விழுந்தவரை ஒற்றை மரத்தடியிலிருந்தோ வேலி ஓரத்திலிருந்தோ முதலில் இழுத்துவிட வேண்டும். சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் மின்னல் தாக்கியவரைக் கழுத்துவரை சாணக் குழியில் புதைத்து வைத்து, அந்த மணிநேரங்களில் உயிர் போன செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. நம் ஊரில் அந்த வழக்கம் இல்லாவிட்டாலும், தண்ணீர் தெளித்துப் பார்ப்பது, ஆட்டோ பிடிக்க ஓடுவது என்று முதல் ஐந்து நிமிடம் போய்விடுகிறது. மூளை மூச்சில்லாமல் தாங்குவதும் அந்த ஐந்து நிமிடம்தான். எழுந்து உட்கார்ந்து பேசுபவரையும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். இதயத் துடிப்பு தடுமாறுவதும் செவிப்பறை கிழிந்திருப்பதும் வெளியே தெரியாது. கண்புரை சில மாதங்கள் கழித்துக்கூட வரும்.